நாவூறு படாத நற்சான்று

கண்ணகைக்கு வேலை கிடைக்க வேண்டுமென்றால் வல்லிபுரம் அவளைப் பற்றி நல்லதாக ஒரு கடிதம் எழுத வேண்டும். வல்லிபுரமோ யாரைப் பற்றியாவது நல்லதாக ஒரு சொல் சொன்னால் அந்த ஆள் உருப்படுவதில்லை. இதுதான் சங்கதி. மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

வல்லிபுரம் எங்கள் ஐஸ் ஆலையின் மனேச்சர். வாவிக்கரையோரம் இருந்த அந்த ஆலையில் நான் இயந்திரக்காரன், கண்ணகை களஞ்சியப் பொறுப்பாளர். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதத்தில் சண்டை மீண்டும் தொடங்கியபோது ஆலை எரிந்தது. எரித்தவர் யார் என்று கேட்டால் இரண்டு பக்கத்தாரும் மற்றப் பக்கத்தைக் காட்டினார்கள். அதே மாதத்தில் கண்ணகையின் புருசனை ரோட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளோடு அவள் கல்லடியில், என் வீட்டுக்குக் கிட்ட, ஒரு தெரிந்தவர் வீட்டுப் பின்பக்கத்தில் ஒதுங்கிக் கிடந்தாள். மூன்று வருடம் எப்படிச் சீவித்தாள் என்று கேட்டால் ‘ஏதோ போகுது’ என்பாள். அந்த ‘ஏதோ’ என்ன என்று அவள் வாயிலிருந்து பிடுங்க ஆண்டவராலும் முடியாது.

வல்லிபுரத்தாரின் நாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேதக்காரன், பேர் பற்றிக். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவன். நாவூறு, கண்ணூறு இவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் என் இடக்கையில் சுட்டுவிரல் பாதிதான் இருக்கிறது. ஒரு நாள் அவர் இயந்திர அறைக்குள் வந்து, நான் இயந்திரத்தின் பெல்ட் பட்டியை மாற்றுவதைப் பார்த்து, “பற்றிக்கிர கை மாதிரி ஒரு கை இந்த மட்டக்களப்பிலயே இல்ல” என்றார். கிழமை முடிவதற்குள் பட்டி விரலைக் கொண்டுபோய்விட்டது. கரடியனாற்றில் அவருடைய மைத்துனரின் வயல் வட்டையில் வரம்பில் நின்றுகொண்டு “என்ன அழகான வேளாண்மை” என்றாராம். அந்தப் போகத்தில் அறுவடைக்கு அரிவாள் எடுக்க வேண்டியிருக்கவில்லை, பூச்சியே எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

இதனால் ஆலையில் ஒரு வினோதமான ஒழுங்கு இருந்தது. மற்ற இடங்களில் மனேச்சர் வருகிறார் என்றால் ஆட்கள் சுறுசுறுப்பாவார்கள். எங்கள் இடத்தில் அவர் வரும் சத்தம் கேட்டால் கொஞ்சம் தடுமாறுவோம். நன்றாகத் தூக்குகிறவன் ஐஸ் கட்டியை நழுவவிடுவான். நான் எண்ணெய்க் குப்பியைத் தேடுவதுபோல நிற்பேன். பாராட்டிவிடுவாரோ என்ற பயம். அவருக்கும் இது தெரியும், மனுசன் அதற்காக மனம் நொந்தவர். பெற்ற பிள்ளைகளையே ‘குரங்கு’, ‘கழுதை’ என்றுதான் கொஞ்சுவார்.

கண்ணகை ஒருத்திதான் தடுமாறாதவள். அவர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, கையெழுத்து வைத்த துண்டுச் சீட்டு இல்லாமல் களஞ்சியத்திலிருந்து ஒரு பிடி உப்பும் வெளியே போகாது.

தொண்ணூற்று மூன்றில் பட்டணத்தில் ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனம் களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவரைத் தேடியது. அரிசி, மா, படங்கு, பாய் எல்லாம் அவர்களுடைய களஞ்சியத்தில் கூரைவரை இருந்தது. கண்ணகை விண்ணப்பம் போட்டாள். நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள். வரும்போது முன்னர் வேலை பார்த்த இடத்தின் மேலதிகாரியிடமிருந்து, மூடி ஒட்டிய உறையில், ஒரு நற்சான்றுக் கடிதம் கொண்டுவர வேண்டும். ஆலை எரிந்துவிட்டது, பதிவுகள் எரிந்துவிட்டன, முதலாளி கனடாவில். மிஞ்சியது வல்லிபுரம். ஓய்வெடுத்துக்கொண்டு களுவாஞ்சிக்குடியில் இருந்தார்.

“அண்ணன், எனக்குத் துணைக்கு வாங்க” என்று வந்து நின்றாள்.

“விரல் இன்னும் ஒம்பதரை இரிக்கு, புள்ள. மிச்சத்தையும் குடுக்கச் சொல்லுறயா?” என்றேன்.

“உங்களப் பத்தி ஒண்டும் கேக்கமாட்டன். என்னப் பத்தித்தான்” என்றாள். போனேன்.

கண்ணகை வெறுங்கையோடு போகிறவள் இல்லை. வயதான மனுசன், மறதி இருக்கும், பதிவு பார்க்கவும் வழியில்லை, எழுதக் கஷ்டப்படக்கூடாது என்று எல்லா விபரத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துவந்தாள். விளம்பரத்தை வெட்டி அதோடு குத்தியிருந்தாள். பஸ்ஸில் எனக்கு வாசிக்கத் தந்தாள். வரிகள் நூல் பிடித்தமாதிரி இருந்தன.

‘மதிப்புக்குரிய ஐயா, தங்களின் கீழ் 1981 தை முதல் 1990 ஆனி வரை களஞ்சியப் பொறுப்பாளராக வேலை செய்த கண்ணகை எழுதுவது. மேற்படி வேலைக்கு எனக்கு ஒரு நற்சான்று தேவை. தங்களுக்குச் சிரமம் அல்லது விருப்பமில்லை என்றால் தயங்காமல் சொல்லவும், வருத்தப்படமாட்டேன். கடிதம் புதன்கிழமைக்கு முன் வேண்டும். யாருக்கு எழுதுவது என்பது விளம்பரத்தில் உள்ளது. தாங்கள் என்ன பதவியில் இருந்தீர்கள், என்னை எத்தனை வருடம் தெரியும் என்பதையும், அவர்கள் விசாரிக்க விரும்பினால் தங்கள் விலாசத்தையும் குறிப்பிட்டால் நல்லது. புதிய வேலை: சாமான் பொறுப்பேற்றல், இருப்புப் பார்த்தல், துண்டுக்கு விநியோகித்தல். இதே வேலையை அங்கே உப்பு, டீசல், அமோனியா சிலிண்டர், மரத்தூள் ஆகியவற்றுக்குச் செய்தேன். தங்களுக்கு ஞாபகம் இருக்கக்கூடிய சம்பவங்கள்: ஒன்று, வெள்ளத்தின்போது உப்பு மூட்டைகளை மேல்தட்டுக்கு ஏற்றியது. இரண்டு, கணக்காய்வில் சிலிண்டர் குறையாமல் இருந்தது. மூன்று, தங்கள் மகளின் சாமத்தியச் சடங்குக்குத் தாங்கள் துண்டு இல்லாமல் ஐஸ் கேட்டபோது நான் தர மறுத்தது.’

“இந்த மூண்டாவது வேணுமா கண்ணகை?” என்றேன்.

“நடந்தது தானே.”

வழியில் சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். பையைக் கிளறிய பொலிஸ்காரர் தாளை எடுத்தார். கொஞ்சம் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர். ‘அமோனியா சிலிண்டர்’ என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

“இந்த சாமான் இப்ப எங்க?”

“எரிஞ்சு போச்சு, சேர்.”

“எரிஞ்ச சாமானுக்கு ஏன் கணக்கு?”

“நான் நல்லா வேல செஞ்சன் எண்டு காட்டுறத்துக்கு.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லா வேலை செஞ்சா ஏன் எரிஞ்சது?” என்று கேட்டார். அவருக்குப் பதில் தேவைப்படவில்லை, கேள்வி பிடித்திருந்தது. இன்னொரு தரம் கேட்டுச் சிரித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

வல்லிபுரத்தார் சாரத்தோடு முற்றத்தில் தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. உடனே அதை மாற்றிக்கொண்டார்.

“ஏன் இப்பிடிப் பேய் மாதிரி வந்து நிக்கிறயள்? வந்து இருங்க.”

அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளை கதவு நிலையில் நின்று, “சாப்பிடுங்க ரெண்டு பேரும். சோறு ஆயித்து” என்றார்.

“வேணாம்மா. சாப்பிட்டுத்தான் வந்தம்” என்றாள் கண்ணகை.

‘வந்தம்’ என்று பன்மையில் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் வெறும் தேத்தண்ணியோடு விடிய வெளிக்கிட்டவன். உள்ளே மீன் குழம்பு கொதிக்கும் மணம் வந்துகொண்டிருந்தது. அவளுடைய மரியாதைக்கு என் வயிறு ஏன் வரி கட்ட வேண்டும்? ஆனால் அவள் சொன்னபிறகு நான் ‘எனக்குப் பசி’ என்று சொன்னால் ஆண் பிள்ளைக்கு அழகா? வாயைப் பொத்திக்கொண்டு பிளேன்ரீ குடித்தேன்.

வல்லிபுரத்தார் தாளை இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் சம்பவத்தில் முகம் சிவந்து, பிறகு தெளிந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

“எழுதமாட்டன் புள்ள.”

“விருப்பமில்லையா சேர்?”

“விருப்பம் இருக்கிறதாலதான். ஆதம்பாவாவத் தெரியும்தானே, நம்மட லொறி ரைவர்? போன வருசம் வந்து கேட்டான். ‘மிகச் சிறந்த சாரதி’ எண்டு எழுதிக் குடுத்தன். வேலைக்குப் போன முதல் நாள் லொறி குளத்துக்குள்ள. மனுசன் நீந்தித் தப்பினான். லொறிக்கு நீந்தத் தெரியாது.”

“இங்கிலீசில எழுதுங்களன்” என்றார் சீதேவிப்பிள்ளை. “தமிழில சொன்னாத்தானே நாவூறு?”

“எஞ்சினப் பாத்து ‘வெரி குட் எஞ்சின்’ எண்டனே, ஞாபகமில்லயா? வெடிச்சுதே.”

அது உண்மைதான். நானே சாட்சி.

கண்ணகை விடவில்லை. “சேர் புகழ வேணாம். நடந்தத மட்டும் எழுதுங்க. எந்த வருசம், என்ன வேல, என்ன பாரமெடுத்தன். அவ்வளவுதான். அதுக்குத்தானே எல்லாம் எழுதிக் கொண்டந்தன்.”

அவர் தாளை மறுபடி பார்த்தார். “ஒம்பது வருசம் ஒரு சாமான் குறையல்ல எண்டு எழுதினா அது புகழ்ச்சி இல்லயா? நடந்தத எழுதினாலே நாவூறு பட்டுடும். நீ குறைவா வேல செஞ்சிருந்தா லேசா எழுதியிருப்பன்.”

ஒரு மனுசிக்கு இப்படியும் ஒரு கேடு வருமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. நாடு முழுக்கச் சண்டை, புருசன் இல்லை, வேலை இல்லை. கடைசியில் அவள் வாழ்க்கைக்கு முட்டுக்கட்டை அவளுடைய நல்ல வேலை.

சீதேவிப்பிள்ளைதான் வழி கண்டார். “புள்ளையளுக்குக் கன்னத்தில கறுப்புப் பொட்டு வைக்கிறல்லையா? கடிதத்துக்கும் ஒண்டு வையுங்களன். நல்லத எழுதி, மறுகா ஒரு குறையும் எழுதினா நாவூறு படாது.”

வல்லிபுரத்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதன்முறையாகப் பேனையின் மூடியைக் கழற்றினார். “அப்ப என்ன குறை எழுதுற?”

அதற்குப் பிறகு நடந்தது போல ஒரு ஏலத்தை நான் சந்தையிலும் கண்டதில்லை. ஒரு மனுசியை எவ்வளவு கெட்டவளாக்கலாம் என்று நான்கு பேர் குந்தியிருந்து பேரம் பேசினோம், அவளும் ஒருத்தியாக.

“எழுத்துக் கோழி கிளறின மாதிரி எண்டு போடுங்க” என்றாள் கண்ணகை.

“விண்ணப்பத்தில உன்ட எழுத்த அவங்க பாத்திருப்பாங்க. எனக்குக் கண் தெரியாதெண்டு நினைப்பாங்க.”

“நேரம் பிந்தி வருவா எண்டு?” இது நான்.

“பொய். நான் மனேச்சரா இருந்தவன், பொய்க் கையெழுத்து வைக்க ஏலாது.”

“கோவக்காரி எண்டு எழுதுங்க” என்றார் சீதேவிப்பிள்ளை.

“கோவம் வந்து நான் பாத்ததில்ல. வந்திருந்தா எவ்வளவு நல்லம்.” அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். “யோசி புள்ள. ஒம்பது வருசத்தில ஒரு பிழையாவது விட்டிருப்பாய்தானே? மனுசப் பிறவிதானே நீ?”

கண்ணகை தலையைக் குனிந்து யோசித்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பிழை விடாமல் போனோமே என்று ஒருத்தி கண்கலங்குவதை அன்றுதான் பார்த்தேன். “ஒருக்கா மரத்தூள் மூட்ட ஒண்டு நனைஞ்சு போச்சு, சேர்” என்றாள் மெதுவாக.

“அது கூரை ஒழுகினது. என்ட பிழை.” அவர் தாளைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். “நீங்க இருங்க. நான் உள்ள போய்ப் பாக்கிறன்.”

வெகுநேரம் வரவில்லை. பேனை தாளில் ஓடுவதும் பிறகு நிற்பதும் கேட்டது. ஒரு தரம் தாளைக் கசக்கி எறிந்தார். வெளியே வந்தபோது கடிதம் உறைக்குள் இருந்தது, முகத்தில் மட்டும் திருப்தி இல்லை. ‘கொஞ்சம் மெதுவாகக் கதைப்பார்’ என்று குறை போட்டிருப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் அவருக்குக் கிடைக்கவில்லையாம்.

“ஒட்டிறதுக்குச் சோறு கொண்டாங்க” என்றார் மனைவியிடம்.

சீதேவிப்பிள்ளை ஒரு கிண்ணத்தில் ஆவி பறக்கும் சோறு கொஞ்சம் கொண்டுவந்து வைத்தார். நாலு பருக்கை போதும், அவர் ஒரு பிடி கொண்டுவந்துவிட்டார். வல்லிபுரத்தார் விரலால் பருக்கையை நசித்து உறையின் ஓரத்தில் தேய்த்தார். ஓரிடத்தில் ஒட்டவில்லை, இன்னும் இரண்டு பருக்கை எடுத்தார். பிறகு, எதற்கோ நிமிர்ந்து கண்ணகையைப் பார்த்தவர் அப்படியே கையை நிறுத்திவிட்டார். நான் அவளைப் பார்க்கவில்லை, எனக்கும் அந்தக் கிண்ணத்திலேதான் கண்.

“ஒரு வரி விட்டுப் போச்சு” என்று சொல்லி, ஒட்டியதைப் பிரித்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்விட்டார். இந்தத் தரம் பேனை நிற்காமல் ஓடியது. திரும்பி வந்து, மிச்சச் சோற்றால் இறுக்கமாக ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்தும் வைத்து, அவளிடம் தந்தார்.

“போ, கழுதை” என்றார். அவர் அப்படி அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

புதன்கிழமை நிறுவனத்தின் விறாந்தையில், யன்னலோரத்து வாங்கில் நான் உட்கார்ந்து காத்திருந்தேன். உள்ளே மேசைக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஹெக்டர், எங்கள் கோயிலில் பாட்டுப் படிக்கிறவர். முன்னால் கதிரையில் கண்ணகை, கழுவித் தோய்த்து வெளுத்துப்போன சேலையில். இந்த வேலை இல்லையென்றால் அந்தப் பிள்ளைகள் பாடு என்ன என்று அவள் கேட்டதில்லை, நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா உறையைக் கிழித்தா. உள்ளேயிருந்து காய்ந்த ஒரு பருக்கை மேசையில் விழுந்தது. அதை விரலால் தட்டிவிட்டு ஹெக்டரிடம் தாளை நீட்டினா. கடிதம் தமிழில் இருந்தது. ஹெக்டர் ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துப் பிறகு இங்கிலீசில் சொன்னார். பதவி, காலம், பொறுப்பு, வெள்ளம், கணக்காய்வு, எல்லாம் அவள் கொடுத்த விபரம் அப்படியே, ஒரு அடைமொழி கிடையாது. சாமத்தியச் சடங்கும் இருந்தது: ‘நானே துண்டு இல்லாமல் ஐஸ் கேட்டேன். தரவில்லை. அன்று எனக்குக் கோபம் வந்தது.’ அம்மா சிரித்தா.

‘கொஞ்சம் மெதுவாகக் கதைப்பார்’ என்ற குறையைத் தாண்டிக் கடைசிப் பந்திக்கு வந்ததும் ஹெக்டரின் குரல் தணிந்தது.

‘இவரிடம் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையல்ல. பசித்தாலும் பசிக்கிறது என்று சொல்லமாட்டார். இன்று என் வீட்டுக்கு வந்தவர், சாப்பிட்டுவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னார். கடிதம் ஒட்டக் கொண்டுவந்த சோற்றை அவர் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். கூரைமுட்ட அரிசி இருக்கும் களஞ்சியத்தை இவரிடம் கொடுத்தால் ஒரு மணி அரிசி குறையாது, இவர்தான் குறைந்துபோவார். ஆகவே இவரை வேலைக்கு எடுப்பவர்கள், சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டாம். கேட்டால் பொய் சொல்லுவார். சோற்றை முன்னால் வைத்துவிட்டு அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க வேண்டும். இந்த ஒரு பொய்யைத் தவிர இவர் வேறு பொய் சொல்லி நான் அறியேன்.’

ஹெக்டர் அதை இங்கிலீசில் சொல்லி முடிக்கச் சிரமப்பட்டார். கண்ணகையின் காது சிவந்திருந்தது. மூன்று வருடமாகப் பக்கத்தில் இருந்தும் இது என் கண்ணில் படவில்லையே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. என் வயிற்றை நினைத்து அவளைத் திட்டினேனே.

அம்மா பேனையை வைத்துவிட்டு ஏதோ கேட்டா.

“இண்டைக்குக் காலம சாப்பிட்டீங்களா எண்டு கேக்கிறா” என்றார் ஹெக்டர்.

“ஓம். சாப்பிட்டுத்தான் வந்தனான்” என்றாள் கண்ணகை.

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது போல. வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அம்மா கடிதத்தை எடுத்து, கடைசிப் பந்திக்கு நேரே ஓரத்தில் ஒரு சரி போட்டா. பிறகு மேசை லாச்சியைத் திறந்து, வாழையிலையில் கட்டிக் கடதாசி சுற்றிய தன்னுடைய மதியச் சோற்றுப் பார்சலை எடுத்துக் கண்ணகைக்கு முன்னால் வைத்தா. ஹெக்டரின் காதில் ஏதோ சொல்லிவிட்டு எழும்பி வெளியே வந்தா. ஹெக்டரும் பின்னால் வந்து கதவைச் சாத்தினார்.

நாங்கள் மூன்று பேரும் விறாந்தையில் வாவியைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நின்றோம். யாரும் திரும்பவில்லை. எதிரே காவலரணில் நின்ற சிப்பாய்க்கு எங்களைப் பார்த்துச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவன் துவக்கைத் தோள் மாற்றிப் பிடித்துக்கொண்டு, நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்று தானும் வாவியைப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை, தண்ணீர்தான்.

“வேலை?” என்று நான் ஹெக்டரிடம் மெல்லக் கேட்டேன்.

“திங்கக்கிழம வரச் சொல்லுறா” என்றார் அவர், தண்ணீரைப் பார்த்தபடியே.

நான் யன்னல் பக்கம் காதை மட்டும் வைத்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கடதாசி பிரியும் சத்தம் கேட்டது.